இடைவெளி கேட்டு ஒரு மனு

கல்லூரி அலுவலகத்துக்கும் புள்ளியியல் துறைக்கும் நடுவே ஒரு படிக்கட்டும் ஒரு நீண்ட நடையும்தான். மிஞ்சிப்போனால் அறுபது அடி. அந்த அறுபது அடியைக் கடக்க அந்தக் கடிதத்துக்கு ஆறு நாள் ஆயிற்று. நான்காம் தேதி முதல்வர் கையெழுத்துப் போட்டு, பதிவுத் தபாலில் ஏறி, ஊரெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, பத்தாம் தேதி மாலை சராசரி மேடத்தின் வீட்டுக் கதவைத் தட்டியது.

சராசரி மேடம் என்பது மாணவர்கள் வைத்த பெயர். புள்ளியியலில் சராசரிதான் முதல் பாடம். முதல் வகுப்பில் அவர் சொன்ன முதல் சொல்லும் அதுவே. பதினோரு வருடமாக அதே கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். அந்தப் பதினோரு வருடத்தில் மூன்று முதல்வர்களையும் இரண்டு பாடத்திட்டங்களையும் கண்டுவிட்டார். நிரந்தரப் பணியிடம் ஒன்று காலியாகி, விளம்பரம் வந்து, விண்ணப்பித்து, நேர்காணலில் ஐந்து பேர் முன்னால் போய் உட்கார்ந்தார். நடுவில் உட்கார்ந்திருந்த முதல்வர், தினமும் காலையில் மேடத்தின் வணக்கத்தை வாங்கிக்கொள்கிறவர், "உங்களைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க" என்றார். சொன்னார். தேர்வாகிவிட்டார்.

கடிதத்தை ஒன்பதாவது படிக்கும் மகள் சத்தமாக வாசித்தாள். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருக்கும் கணவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டார்.

"'உதவிப் பேராசிரியர் பணியிடத்துக்குத் தாங்கள் தற்காலிகமாகத் தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள்.' அம்மா, மறுபடியும் தற்காலிகமா?"

"அது அப்படித்தான்டி எழுதுவாங்க. மேல படி."

தகுதிகாண் பருவம் இரண்டு வருடம். அந்த இரண்டு வருடமும் உண்மையாகப் பணி செய்த நாட்களாக, மூன்று வருடத்துக்குள் முடிய வேண்டும். சம்பளமில்லா விடுப்பு எடுத்தால் அத்தனை நாள் தள்ளிப்போகும். வேலை திருப்தியாக இல்லையென்றால் பருவம் இன்னும் ஒரு வருடம் நீட்டிக்கப்படும், அல்லது ஒரு மாத அறிவிப்போடு வீட்டுக்கு அனுப்பப்படுவார். பருவம் முடிந்தாலும் எழுத்து மூலமான ஆணை வரும்வரை நிரந்தரம் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. வாரம் பதினாறு மணி நேரம் வகுப்பு, தேர்வுக் கண்காணிப்பு, விடைத்தாள் திருத்தம், மாணவர் ஆலோசனை, "மற்றும் முதல்வர் அவ்வப்போது இடும் பிற பணிகள்".

"பிற பணின்னா என்னம்மா?"

"மேல இருக்கிறதெல்லாம் சும்மா. அதுதான் வேலை" என்றார் கணவர்.

அடுத்த வரியில் மகளின் குரல் தயங்கியது. "'இதற்கு முன் தாங்கள் வேறு எந்த நிலையில் பணியாற்றியிருந்தாலும் அது எக்காரணம் கொண்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட மாட்டாது.'"

மேடம் அடுப்பில் இருந்த பாலைப் பார்க்கப் போனார். பால் அப்போதுதான் வைத்தது. இன்னும் சூடுகூட ஏறவில்லை. போய் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்பார்த்ததுதான். எழுத்தில் பார்த்தபோது சுருக்கென்றது.

"ஏழு நாளுக்குள்ள சம்மதம் எழுதிக் கொடுக்கணுமாம். கடிதத் தேதியிலேருந்து ஏழு நாள்" என்று கூடத்திலிருந்து கணவர் குரல் கொடுத்தார். "அப்படின்னா நாளைக்குத்தான் கடைசி. இருபத்தொரு நாளுக்குள்ள சேரணும், அது இருபத்தஞ்சாம் தேதி. தவறினா ரத்து. காத்திருப்போர் பட்டியல்ல இருக்கிறவங்களைக் கூப்பிட்டுடுவாங்களாம். சேருறப்போ கொண்டு வர வேண்டியது பதினாலு அயிட்டம் இருக்கு. பதினொண்ணாவது படிச்சியா? உயிரோட இருக்கிற கணவர் ஒருத்தருக்கு மேல இல்லைன்னு உறுதிமொழி."

"ஒருத்தரையே சமாளிக்க முடியல" என்றார் மேடம். பால் பொங்கியது.

மறுநாள் காலை சம்மதக் கடிதத்தோடு அலுவலகத்துக்குப் போனார். அங்கே பணியாளர் விவகாரம் முழுவதும் கண்காணிப்பாளர் கையில். அவருக்கு 'ரெண்டு காப்பி' என்று பெயர். எதைக் கொண்டுபோனாலும் ரெண்டு காப்பி கேட்பார். புதிதாக வந்த ஒருவர் கேன்டீனில் இருந்து இரண்டு டம்ளர் வாங்கிக்கொண்டு போய் நின்ற கதை இன்றும் கல்லூரியில் உலவுகிறது.

"சார், இந்த லெட்டரைக் கையிலேயே கொடுத்திருக்கலாமே. தினமும் இங்கதானே கையெழுத்துப் போட வரேன்."

"அது எப்படி மேடம்? தேர்வானவங்க வெளி ஆள். வெளி ஆளுக்குத் தபால்லதான் அனுப்பணும்." சம்மதத்தை வாங்கிப் பார்த்தார். "ரெண்டு காப்பி?"

கொடுத்தார். அவர் முத்திரை குத்திவிட்டு, சரிபார்ப்புப் பட்டியலை எடுத்து விரலால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தார். அசல் சான்றிதழ்கள், மருத்துவத் தகுதிச் சான்று, உறவினர் அல்லாத இருவரிடம் நன்னடத்தைச் சான்று. ஒன்பதில் விரல் நின்றது.

"தற்போது பணியில் இருப்பவராயின், அந்த நிறுவனத்தின் பணிவிடுப்பு ஆணை."

"அது இந்த நிறுவனம்தானே சார். நீங்கதானே தரணும்?"

"நாங்க எப்படித் தர முடியும்? பணியிடத்துல நியமிச்சவங்களைத்தான் பணியிடத்துலேருந்து விடுவிக்கலாம். நீங்க எந்தப் பணியிடத்துலயும் இல்லையே."

"அப்ப நான் பணியில இல்லைன்னு அந்தக் கட்டத்துல 'பொருந்தாது'ன்னு போட்டுடுங்க."

அவர் அதிர்ந்துபோனார். "நீங்கதான் தினமும் வந்து பாடம் எடுக்கிறீங்களே! வருகைப் பதிவு இருக்கு. ஆடிட்ல கேட்டா நான் என்ன சொல்றது?"

"அப்ப ராஜினாமா கொடுத்துடறேன்."

"தாராளமா கொடுங்க. ஒரு மாசம் முன்கூட்டித் தரணும். உங்க ஒப்பந்தத்துலயே இருக்கு."

அதாவது, சேர வேண்டுமானால் முதலில் போக வேண்டும். போக வேண்டுமானால் முதலில் சேர்ந்திருக்க வேண்டும். மேடம் முதல்வரிடம் போனார். முதல்வர் நல்லவர், யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்ததில்லை, எந்த நல்லதும் செய்ததில்லை. கடிதத்தை, தான் கையெழுத்திட்ட அதே கடிதத்தை, முதன்முறையாகப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு இப்படி ஒரு கண்டிஷன் போட்டது?"

"நீங்கதான் சார்."

"அது ஃபார்மட்" என்றார். "சூப்பரின்டென்டென்டைப் பாருங்க. அவர் என்ன சொல்றாரோ அதுக்கு நான் கட்டுப்படறேன்."

நாட்கள் நகர்ந்தன. நன்னடத்தைச் சான்றுக்கு ஒரு நாள் போயிற்று. மருத்துவச் சான்றுக்கு அரசு மருத்துவமனையில் ஒரு நாள் போயிற்று. மருத்துவர் கண்ணைப் பார்த்தார், காதைப் பார்த்தார், மூச்சை இழுத்து விடச் சொன்னார்.

"என்ன வேலை?"

"காலேஜ்ல லெக்சரர்."

"எத்தனை வருஷமா?"

"பதினொரு வருஷம்."

"அப்ப இப்ப எதுக்கு ஃபிட்னஸ்?"

"இனிமேதான் சேரப்போறேன் டாக்டர்."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, காதை இன்னொரு தடவை பார்த்தார்.

இதற்கிடையில், காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருந்தவர் அலுவலகத்துக்கு இரண்டு முறை போன் செய்து, மேடம் நலமா, சேர்ந்துவிட்டாரா என்று அக்கறையாக விசாரித்ததாக ரெண்டு காப்பி சொன்னார். "நல்ல மனுஷன்" என்று வேறு சேர்த்துக்கொண்டார்.

பதினாறாம் தேதி கணவர் விடுமுறை எடுத்துக்கொண்டு, மனைவியின் பழைய ஆணைகளை எல்லாம் சாப்பாட்டு மேசையில் பரப்பினார். இருபத்திரண்டு ஆணைகள். ஒவ்வொன்றும் ஆறு மாதத்துக்குச் சற்றுக் குறைவு. ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் முன் நடுவில் சரியாக ஒரு நாள் இடைவெளி. தொடர்ச்சியாக வேலை பார்த்தார் என்று யாரும் என்றைக்கும் உரிமை கோரிவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில் கல்லூரி கண்டுபிடித்த நாள் அது. அந்த நாளில் மேடம் கையெழுத்துப் போடக் கூடாது. ஆனால் தேர்வு இருந்தால் வந்து கண்காணிக்கலாம். யாரும் தடுக்க மாட்டார்கள்.

டைம் கீப்பர் ஓர் ஆணையில் விரலை வைத்தார். "இப்ப ஓடுறது இருபத்துநாலாம் தேதியோட முடியுதே."

"ஆமா. வழக்கம்போல இருபத்தாறுலேருந்து புது ஆர்டர் தருவாங்க."

"சரி. இருபத்தஞ்சாம் தேதி நீ யாரு?"

மேடம் யோசித்தார். "யாருமில்ல."

"யாருமில்லாதவகிட்ட யாருடி பணிவிடுப்பு ஆணை கேட்க முடியும்?"

மேடம் கணவரைப் பார்த்தார். பதினாறு வருடத் தாம்பத்தியத்தில் இந்த மனிதரை இப்படிப் பார்த்ததில்லை. கல்லூரி தன்னை ஒன்றுமில்லாதவளாக்கவே உண்டாக்கிய நாள், பணியேற்கக் கடைசி நாளன்று வந்து நிற்கிறது. மகள் கைதட்டினாள். அன்றைக்கு அந்த வீட்டில் எல்லாரும் ஒரு பிடி கூடவே சாப்பிட்டார்கள்.

மறுநாள் கல்லூரிக்குள் நுழைந்ததுமே ரெண்டு காப்பி வழிமறித்தார். முகமெல்லாம் பல்.

"மேடம், ஒரு நல்ல செய்தி! நீங்க இடைவெளி வேணாம்னு வருஷா வருஷம் மனு கொடுத்தீங்களே, ஞாபகமிருக்கா? ஒன்பது மனு. நிர்வாகக் குழு நேத்து பாஸ் பண்ணிடுச்சு. இனிமே உங்களுக்கு பிரேக்கே கிடையாது. இருபத்தஞ்சாம் தேதிலேருந்தே புது ஆர்டர். டைப் ஆயிட்டிருக்கு!"

ஒன்பது வருடம் கண்ணைத் திறக்காத தெய்வம், திறந்த அன்றைக்குப் பார்த்த பார்வையிலேயே பயிர் கருகியது.

"சார், எனக்கு பிரேக் வேணும்."

"என்னது?"

"இந்த ஒரு தடவை மட்டும் எனக்கு இடைவெளி வேணும் சார்."

இருவரும் முதல்வர் அறைக்குப் போனார்கள். மேடம் விஷயத்தை விளக்கினார். முதல்வர் கேட்டுவிட்டு வருத்தப்பட்டார். அவர் வருத்தம் உண்மையானது. தன் ஆயுளில் ஒரு நல்லது செய்யப் போக, அதுவும் இப்படியா முடிய வேண்டும்?

"ஒன்பது வருஷமா பிரேக் வேணாம்னது நீங்க. இப்ப வேணும்ங்கறதும் நீங்க. குழு என்னைப் பத்தி என்ன நினைக்கும்?"

"அந்த ஆர்டரை நான் ஏத்துக்கிட்டாதானே சார் அது நடப்புக்கு வரும்? நான் கையெழுத்துப் போடாம இருந்துடறேன்."

"போடாம இருந்தா, ஏன் போடலைன்னு ஃபைல்ல ஒரு காரணம் வேணுமே" என்றார் ரெண்டு காப்பி. "எழுத்துல கொடுங்க மேடம்."

மேடம் அங்கேயே உட்கார்ந்து எழுதினார். பத்தாவது மனு. 'ஐயா, என் பணிக்காலத்தில் இருபத்தைந்தாம் தேதி ஒரு நாள் மட்டும் இடைவெளி அளித்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' பணிவுடன் என்ற இடத்தில் பேனா முனை தாளைக் கிழித்துவிட்டது. புதுத் தாளில் திரும்ப எழுதினார். ரெண்டு காப்பி எதற்கோ வாயைத் திறப்பதற்குள், இரண்டாவது பிரதியையும் எழுதி நீட்டினார்.

மனு மேசையிலிருந்து மேசைக்குப் போயிற்று. பதினெட்டு, பத்தொன்பது, இருபது. இருபத்திரண்டாம் தேதி முதல்வர் 'பேசவும்' என்று எழுதினார். யார் யாரிடம் பேசுவது என்று தெரியாமல் கோப்பு இன்னொரு நாள் சும்மா கிடந்தது. மேடம் வகுப்பில் திட்ட விலக்கம் நடத்திக்கொண்டிருந்தார்; எந்த எண்ணை எதனால் வகுத்தோம் என்று அவருக்கே இரண்டு முறை மறந்துபோனது. இருபத்துநாலாம் தேதி மாலை நாலரைக்கு, அலுவலகம் பூட்டும் நேரத்தில், ரெண்டு காப்பி படியேறி மூச்சு வாங்க வந்தார்.

"கையெழுத்தாயிடுச்சு மேடம். 'கோரிக்கையின் பேரில் இடைவெளி சிறப்பு நிகழ்வாக அனுமதிக்கப்படுகிறது.' எங்க சர்வீஸ்லயே இடைவெளி கேட்டு வாங்கின முதல் ஆள் நீங்கதான்."

அவர் கேலி செய்யவில்லை. அவருக்கும் ஒரு நிம்மதி. ஒன்பதாம் கட்டத்தில் மனசாட்சிக்கு விரோதமில்லாமல் 'பொருந்தாது' என்று எழுதலாம் அல்லவா?

இருபத்தைந்தாம் தேதி காலை ஒன்பதே முக்காலுக்கு, யாருமில்லாத ஒருவராக, சராசரி மேடம் கல்லூரி வாசலில் நுழைந்தார். காவலாளி எழுந்து வணக்கம் சொன்னார். பதிலுக்கு வணக்கம் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது.

ரெண்டு காப்பியின் மேசை அன்றைக்குத் துடைத்து வைத்திருந்தது. முகத்திலும் அறிமுகமில்லாத ஒரு மரியாதை.

"உட்காருங்க. பேரு?"

"சார், என்னைத் தெரியாதா?"

"ஃபாரத்துல கேட்டிருக்கே மேடம்."

பெயரைச் சொன்னார். அடையாளம் காட்டும் மச்சங்கள் இரண்டு. ரெண்டு காப்பி அசல் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு கணவருக்கு மேல் இல்லை என்ற உறுதிமொழியைப் படித்துவிட்டு மரியாதையாக மடித்தார். "இந்தக் கல்லூரியில் தெரிந்தவர்கள் யாரேனும் உண்டா?" என்று ஒரு கேள்வி. மேடம் அவரைப் பார்த்தார். அவர் மேடத்தைப் பார்த்தார். "இல்லைன்னு போட்டுடலாம். வம்பு வேண்டாம்" என்றார்.

பிறகு பணியேற்பு அறிக்கை. 'இன்று முற்பகல் பணியேற்றுக்கொண்டேன்.' முற்பகல் என்பதை இரண்டு முறை அடிக்கோடிட வைத்தார். பத்து மணி தாண்டினால் அது பிற்பகல் சேர்க்கைதான், அரை நாள் போய்விடும் என்று சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். இரண்டு நிமிடம் பாக்கி இருந்தது.

கடைசியாக வருகைப் பதிவேட்டை எடுத்துத் திறந்தார். பெரிய பதிவேடு. தற்காலிகக்காரர்களுக்கு நாற்பது பக்கப் பள்ளி நோட்டு ஒன்று தனியாக உண்டு. பதினோரு வருடமாக மேடம் கையெழுத்திட்டது அதில்தான். இதில் துறையின் கடைசி வரியில் சிவப்பு மையில் அவர் பெயர் எழுதியிருந்தது. மேடம் பேனாவைத் திறந்தார். கையெழுத்து கொஞ்சம் கோணலாகப் போயிற்று. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஏசி அதிகமா வெச்சிருக்கீங்க" என்றார். அந்த அறையில் ஏசி கிடையாது. ரெண்டு காப்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "சரி பண்ணச் சொல்றேன்" என்றார்.

பதினோரு மணிக்கு வகுப்பு. வகுப்பறை வாசலில் ஓர் இளைஞர் கையில் கோப்போடு நெளிந்துகொண்டு நின்றார். மேடத்தின் பழைய மாணவர். ஐந்து வருடத்துக்கு முன் நிரந்தரப் பணியில் சேர்ந்து, இப்போது அதே துறையில் சீனியர்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. தகுதிகாண் பருவத்துல இருக்கிறவங்களுக்கு ஒரு வழிகாட்டி போடணுமாம். என்னைப் போட்டிருக்காங்க. மாசத்துக்கு ஒரு கிளாஸ் உட்கார்ந்து பார்த்து ரிப்போர்ட் எழுதணும்."

"அதுக்கு ஏன் இப்படி நெளியறே? வா, உட்காரு."

அவர் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மேடம் பாடத்தை ஆரம்பித்தார். இருபது நிமிடம் கழித்து ஒரு கேள்வி கேட்டார். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை தன்னையறியாமல் பாதி எழுந்து, அவசரமாகக் கீழே போயிற்று. மாணவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

வகுப்பு முடிந்ததும் அவர் படிவத்தோடு வந்தார். "எல்லாம் எழுதிட்டேன் மேடம். 'திருத்திக்கொள்ள வேண்டிய குறைகள்'னு ஒரு கட்டம். காலியா விட்டா ரெண்டு காப்பி திருப்பி அனுப்பிடுவார்."

"என்ன தோணுதோ அதை எழுது."

"எனக்கு ஒண்ணும் தோணலையே மேடம்."

"வகுப்புல ஆளைப் பார்க்காம வேகமாப் போறேன்னு எழுது. பின்னாடி உட்கார்ந்தவனுக்குப் புரிஞ்சதான்னு நான் இன்னிக்குக் கேட்கல. நிஜமாவே கேட்கல."

அவர் தயங்கித் தயங்கி அதை எழுதினார். கீழே மேடம் கையெழுத்துப் போட வேண்டும்: குறைகளை ஏற்றுக்கொள்கிறேன். போட்டார். அதற்குள் அலுவலக உதவியாளர் ஒரு சுற்றறிக்கையோடு வந்து நின்றார். புதிதாகப் பணியேற்ற உதவிப் பேராசிரியருக்கு 'பிற பணி' ஒதுக்கப்பட்டிருந்தது: கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர்களின் வருகை நோட்டையும் இடைவெளி நாட்களையும் கண்காணிக்கும் பொறுப்பு.

மேடம் அதை இரண்டு முறை படித்தார்.

"இந்த நோட்டுல எத்தனை பேர் இருக்காங்க?" என்று கேட்டார்.

"ஏழு பேர் மேடம்."

"ஏழு பேரையும் சாயங்காலம் நாலு மணிக்கு என்னை வந்து பார்க்கச் சொல்லுங்க" என்றார். "இதுவரைக்கும் கொடுத்த மனு எல்லாத்தையும் கையோட எடுத்துட்டு வரச் சொல்லுங்க."